டீம் அண்ணன் வீட்டுக் காதுகுத்துக்குப் போகாமல் விட்டீர்களா? மன்னிப்புக் கேட்பதும் மொய் சேர்ப்பதும் எப்படி

சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போகாவிட்டால் அடுத்த விசேஷத்தில் பார்த்துப் பேசிச் சரிசெய்துகொள்ளலாம். கூட வேலை பார்ப்பவர் வீட்டு விசேஷம் அப்படியல்ல. மறுநாளோ அதற்கு மறுநாளோ அவர் பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்துவிடுவார். அதற்குள் என்ன செய்வது, யாரிடம் என்ன சொல்வது, கையில் என்ன கொண்டு போவது என்று ஒரு தெளிவு வேண்டும்.

விசேஷத்துக்கு விசேஷம் முறை மாறும். அதனால் ஒரே ஒரு சூழலை எடுத்து முழுமையாகப் பார்ப்போம். உங்கள் அலுவலகம் சென்னையில். டீமில் உங்களைவிட ஏழெட்டு வயது மூத்தவர் ஒருவர், ‘அண்ணே’ என்று கூப்பிடுகிறீர்கள். அவருக்கு ஊர் உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமம். மூன்று வயது மகளுக்குக் குலதெய்வம் கோயிலில் முடியிறக்கி, மண்டபத்தில் காதணி விழா. பத்திரிகையும் கையுமாக உங்கள் வீட்டுக்கே மனைவியோடு வந்து, “குடும்பத்தோட வந்துரணும் தம்பி” என்று அழைத்தார். நீங்களும் வருகிறேன் என்றீர்கள். டீமில் நான்கு பேர் ராத்திரி ரயிலில் கிளம்பி ஞாயிறு அதிகாலையில் மதுரையில் இறங்கினார்கள். அங்கிருந்து ஊருக்கு நாற்பது கிலோமீட்டர் இருக்கும். அவர்களை அழைத்துவர அவர் வேன் அனுப்பியிருந்தார். நீங்கள் கிளம்பவில்லை, சொல்லவும் இல்லை.

முதலில், எதை விட்டோம் என்று கணக்குப் பாருங்கள்

மன்னிப்புக் கேட்கப் போகும் முன் பத்து நிமிடம் உட்கார்ந்து யோசிக்க வேண்டியது இதுதான். ‘விசேஷத்துக்கு வரவில்லை’ என்பது மேலே தெரிவது. உள்ளே மூன்று விஷயம் இருக்கிறது.

ஒன்று, காத்திருப்பு. வேன் டிரைவரிடம் ஐந்து பேர் என்று சொல்லியிருப்பார். நான்கு பேர்தான் வந்தார்கள் என்றதும், “இன்னொருத்தர் வரணும், கொஞ்சம் பாருங்க” என்று போனில் சொல்லியிருப்பார். முடியிறக்க நேரம் குறித்திருக்க, மதுரை ஸ்டேஷன் வாசலில் வண்டி அரை மணி நேரம் நின்றிருக்கும். வந்த நான்கு பேரில் ஒருவரிடம் கேட்டால் இது தெரிந்துவிடும். கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எது நடந்தது என்று தெரியாமல் கேட்கிற மன்னிப்பு மேலோட்டமாகத்தான் இருக்கும்.

இரண்டு, வீட்டாரிடம் அவர் சொல்லிவைத்த சொல். “மெட்ராஸ்ல இருந்து எங்க ஆபீஸ்காரங்க வர்றாங்க” என்று அம்மாவிடமும் மச்சானிடமும் சொல்லியிருப்பார். வெளியூரிலிருந்து கூட வேலை பார்ப்பவர்கள் வந்து பந்தியில் உட்காருவது, கிராமத்து விசேஷத்தில் அந்த வீட்டுக்கு ஒரு மதிப்பு. நீங்கள் வராதது அவருக்கு மட்டும் குறையில்லை. அவர் மனைவிக்கும் அம்மாவுக்கும் குறைதான். ஆகவே மன்னிப்பும் அவரோடு முடிவதில்லை.

மூன்று, மொய். மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கம் செய்முறை என்றும் சொல்வார்கள். மண்டப வாசலில் மேசை போட்டு, ஒருவர் பணத்தை வாங்கி எண்ண, ஒருவர் ஊர், பெயர், தொகை என்று நோட்டில் எழுதுவார். இப்போது பல இடங்களில் கணினியில் அடித்து ரசீதே கொடுக்கிறார்கள். விசேஷம் முடிந்த ராத்திரி வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து அந்த நோட்டைப் புரட்டுவார்கள். யார் எவ்வளவு செய்தார்கள் என்பதைவிட, செய்ய வேண்டியவர்களில் யார் பெயர் இல்லை என்பதுதான் அப்போது முதலில் கண்ணில் படும். அவர் முன்பு உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கோ புதுமனை புகுவிழாவுக்கோ மொய் எழுதியிருந்தால், உங்கள் பெயர் அங்கே இல்லாதது இன்னும் பளிச்சென்று தெரியும்.

எப்போது பேசுவது

விசேஷ நாள் காலையில் போன் அடிக்காதீர்கள். கூப்பிட்டாலும் எடுக்கிற நிலையில் இருக்க மாட்டார். தாய்மாமன் சீர் வந்து இறங்கும் நேரம், ஒலிபெருக்கிச் சத்தம், பந்தி பரிமாற ஆள் போதவில்லை என்கிற பரபரப்பு. அந்த நேரத்தில் உங்கள் விளக்கத்தைக் கேட்கும் வேலையையும் அவர் தலையில் கட்டக் கூடாது. ஆனால் வேன் உங்களுக்காகக் காத்திருக்கும் என்று தெரிந்தால் மட்டும் விதிவிலக்கு. அப்போது அவருக்கு இல்லை, வேனில் இருக்கும் நண்பருக்கு ஒரு போன்: “நான் வரல, வண்டிய எடுக்கச் சொல்லுங்க.” இதைச் செய்யாமல் விட்டிருந்தால், அதுதான் உங்கள் மன்னிப்பின் முதல் வரி.

அன்று இரவு ஒன்பது மணிக்கு மேல் ஒரு வாட்ஸ்அப் செய்தி போதும். டீம் குழுவில் வேண்டாம், அவருக்குத் தனியாக. “அண்ணே, இன்னைக்கு வரேன்னு சொல்லிட்டு வராம இருந்தது என் தப்பு. நீங்க அலுப்பா இருப்பீங்க. நாளைக்கு சாயந்திரம் போன் பண்றேன்.” இவ்வளவுதான். காரணம் எழுத வேண்டாம். அன்றிரவு அவர் சமையல்காரருக்குக் கணக்கு முடித்து, வாடகைப் பாத்திரத்தை எண்ணிக்கொடுத்துக்கொண்டிருப்பார். நீளமான செய்தியைப் படிக்க நேரமிருக்காது. பதில் எதிர்பார்க்கவும் கூடாது. நீல டிக் விழுந்து பதில் வராவிட்டால் இரண்டாவது செய்தி அனுப்பாதீர்கள்.

இந்தச் செய்தி போகும்வரை அவர் ஸ்டேட்டஸில் வைத்த படங்களுக்கு இதயமோ கைதட்டலோ போடாமல் இருப்பது நல்லது. மன்னிப்புக்கு முன்னால் வரும் ‘சூப்பர்ணே, பாப்பா அழகு’ என்பது, போகாததை ஒரு விஷயமாகவே நீங்கள் நினைக்கவில்லை என்று காட்டும்.

மறுநாள் மாலை போன். அவர் இன்னும் ஊரில் விடுப்பில் இருந்தால்கூட மாலை ஆறு, ஏழு மணிக்குள் கூப்பிடலாம். அதற்குள் ஒரு தூக்கம் போட்டு எழுந்திருப்பார். அவர் சென்னை திரும்பும்வரை தள்ளிப்போட்டால் முதல் சந்திப்பு அலுவலகத்தில், நாலு பேர் நடுவில், டீக்கடையில் நடக்கும். வந்துபோன நண்பர்கள் கிடா விருந்தின் ருசியைப் பேசிக்கொண்டிருக்க, நீங்கள் ஓரமாக நின்று ‘சாரிண்ணே’ என்று முணுமுணுப்பீர்கள். அவரும் எல்லோர் முன்னாலும் ‘அதெல்லாம் விடுப்பா’ என்று சொல்லித்தான் ஆகவேண்டும். அப்படி வாங்கிய பதிலுக்குப் பெரிய மதிப்பில்லை.

என்ன சொல்வது

போனில் சொல்ல வேண்டியது நான்கைந்து வாக்கியம்தான். மேலே பார்த்த காத்திருப்பையும் வீட்டாரையும் அதில் தொட்டுவிட வேண்டும்.

“அண்ணே, வரேன்னு சொல்லிட்டு வரல. ஸ்டேஷன்ல வேன் எனக்காக நின்னுச்சுன்னு கேள்விப்பட்டேன். வரலைன்னு ஒரு போனாவது பண்ணியிருக்கணும், அதையும் பண்ணல. அம்மாவும் அண்ணியும் என்ன நெனச்சிருப்பாங்கன்னு வருத்தமா இருக்கு. மன்னிச்சிருங்கண்ணே. நீங்க இங்க வந்ததும் ஒருநாள் வீட்டுக்கு வந்து பாப்பாவப் பார்க்கணும்.”

இதில் ‘வர முடியல’ என்று இல்லை, ‘வரல’ என்று இருக்கிறது. உண்மையிலேயே முடியாமல் போயிருந்தால், அதாவது மருத்துவமனை, வீட்டில் யாருக்காவது உடம்புக்கு ஆகாதது என்று ஏதாவது இருந்தால், ஒரே வரியில் அதைச் சொல்லலாம். அதுவும் அவர் கேட்ட பிறகு. வெறும் அசதியாலோ, டிக்கெட் கிடைக்காததாலோ, கடைசி நேரத்தில் மனசு வராததாலோ போகவில்லை என்றால் காரணமே சொல்லாமல் இருப்பதுதான் மரியாதை. பொய்க் காரணம் மட்டும் வேண்டவே வேண்டாம்.

குறிப்பாக ‘வேலை இருந்துச்சுண்ணே’ என்பது டீமுக்குள் செல்லாது. மாமாவிடம் சொன்னால் அவர் நம்பலாம். இவர் உங்கள் வேலை என்ன, அந்த வாரம் என்ன முடிக்க வேண்டியிருந்தது, சனிக்கிழமை யார் முறை என்று எல்லாம் தெரிந்தவர். உங்கள் முறை இல்லாத நாளில் வேலை என்றால் பொய் என்று தெரிந்துவிடும். உங்கள் முறையாகவே இருந்தாலும், “முன்னாடியே சொல்லியிருந்தா நானே வேற ஆள மாத்தி விட்டிருப்பேனே” என்று நினைப்பார். அவர் நினைப்பது சரிதான். டீமிலேயே இருப்பவரிடம் டீம் வேலையைக் காரணம் காட்டுவதைவிட மோசமான காரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

‘அதெல்லாம் ஒண்ணுமில்ல, விடுப்பா’ என்றால்

அனேகமாக இதைத்தான் சொல்வார். நம் ஊரில் மூத்தவர்கள் மன்னிப்பை ‘மன்னித்தேன்’ என்று சொல்லி ஏற்பதில்லை. அதனால் இந்த ஒரு வாக்கியத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அதற்குப் பின்னால் என்ன வருகிறது என்று பார்க்க வேண்டும்.

“விடுப்பா. ஆனா வந்திருந்தா நல்லா இருந்திருக்கும், எங்க அம்மா கேட்டுச்சு” என்று குறையைச் சொன்னால் நல்ல அறிகுறி. குறை சொல்கிற அளவுக்கு உங்களை நெருக்கமாக வைத்திருக்கிறார் என்று பொருள். அந்தக் குறையை மறுக்காமல் கேட்டுக்கொள்ளுங்கள். “ஆமாண்ணே, வந்திருக்கணும்” என்பது போதும்.

“பரவாயில்லைங்க, பிஸியா இருந்திருப்பீங்க” என்று, இதுவரை ‘தம்பி’, ‘வாடா’ என்றவர் ‘ங்க’ போட ஆரம்பித்தால் மனதில் இன்னும் இருக்கிறது. போனை வைக்கும்போது ‘பாப்பா எப்படிண்ணே இருக்கா, காது வலிக்குதுன்னு அழுதாளா?’ என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளையைப் பற்றிப் பேச்சு நீண்டால் சரியாகிவிடும். ‘நல்லா இருக்கா’ என்று முடித்துக்கொண்டால், போனில் சொல்வது இத்தோடு போதும். மீதி நேரில்தான். திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டு அவரையே உங்களுக்கு ஆறுதல் சொல்ல வைக்காதீர்கள்.

மொய்: எவ்வளவு, எப்படி

போகாத விசேஷத்துக்கு மொய் செய்யலாமா என்று சிலருக்குத் தயக்கம் இருக்கும். தாராளமாகச் செய்யலாம். விட்டுப்போன மொய்யைப் பிறகு கொண்டுவந்து கொடுப்பதும், வீட்டில் நோட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தில் சேர்த்து எழுதிக்கொள்வதும் வழக்கத்தில் உள்ளதுதான். சீக்கிரம் கொடுக்க வேண்டும், அவ்வளவே. மாதக்கணக்கில் ஆனபின் கொடுத்தால் வாங்குபவருக்கே கூச்சமாகிவிடும்.

தொகையை முடிவு செய்ய உங்கள் வீட்டு மொய் நோட்டைத்தான் பார்க்க வேண்டும். உங்கள் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கு அவர் 1001 ரூபாய் எழுதியிருக்கிறார் என்று வையுங்கள். அப்படியானால் 1001-க்குக் குறையக் கூடாது. 501 வைத்தால், வராததோடு செய்ததையும் குறைத்துவிட்டதாக ஆகும். வாங்கியதைவிடக் கொஞ்சம் கூட்டித் திருப்புவது முறை என்பதால் 1501 சரியான தொகை. அவர் உங்களுக்கு இதுவரை எதுவும் செய்ய வாய்ப்பு வரவில்லை என்றால், போய்வந்த நண்பர்கள் எவ்வளவு எழுதினார்கள் என்று கேட்டு அதே தொகையை வையுங்கள்.

இங்கேதான் நல்ல மனசுள்ளவர்களும் தடுக்கி விழுகிறார்கள். வராத குற்ற உணர்வில் 5001 வைத்துவிடுவார்கள். மொய் என்பது திரும்பச் செய்ய வேண்டிய பணம். நீங்கள் வைக்கும் ஒவ்வொரு ரூபாயும் அவர் தலையில் கடனாக ஏறும். நாளைக்கு உங்கள் வீட்டு விசேஷத்துக்கு அவர் ஐயாயிரத்துக்கு மேல் புரட்ட வேண்டும். தப்பு உங்களுடையது, சுமை அவருக்கா? மன்னிப்போடு போகும் எதுவும் சின்னதாக இருக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவதற்கு இதுதான் காரணம்.

அலுவலகத்தில் எல்லோரும் சேர்ந்து பணம் போட்டு ஒரே கவராகக் கொடுத்து, அதில் உங்கள் பங்கும் இருந்தால் மொய் முடிந்துவிட்டது. தனியாக இன்னொன்று வைக்க வேண்டாம். அது மற்ற நான்கு பேரையும் சங்கடப்படுத்தும்.

போனிலேயே பணத்தை அனுப்பிவிடலாமே என்று தோன்றும். வெளிநாட்டில் இருப்பவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள், தவறில்லை. தினமும் பார்க்கிற நீங்கள் அப்படிச் செய்தால் கணக்கைத் தீர்த்து அனுப்பியதுபோல ஆகிவிடும். கடையில் ஒரு ரூபாய் நாணயம் ஒட்டிய மொய் கவர் கிடைக்கும். 1500 ரூபாயை அதில் வைத்து, மேலே உங்கள் பெயர், சொந்த ஊர், ‘காதணி விழா’ என்று தெளிவாக எழுதுங்கள். நோட்டில் அப்படியே பார்த்து எழுதிக்கொள்ள அவர்களுக்கு வசதியாக இருக்கும்.

பிள்ளைக்கு ஒரு பொருள்

மொய் வீட்டுக்கு. மன்னிப்புக்கான சின்னப் பொருள் பிள்ளைக்கு இருக்கட்டும். இதற்கு நோட்டில் கணக்கு கிடையாது என்பதுதான் இதன் அழகு.

காதுகுத்து முடிந்த பிள்ளை என்பதால் என்ன வாங்கக் கூடாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தோடு, கம்மல் வேண்டாம். காதில் போடுவது தாய்மாமன் செய்யும் சீர். மாமன் மடியில் உட்கார்த்திக் குத்தி, மாமன் கொண்டுவந்த தோடு போட்டிருக்கும்போது, பத்து நாள் கழித்து வெளியாள் ஒருவர் இன்னொரு ஜோடித் தோட்டை நீட்டினால் அந்த வீட்டில் யாருக்கும் நன்றாக இருக்காது. அதுவும் போக, குத்திய காது ஆற ஆறு வாரத்துக்கு மேல் ஆகும். அதுவரை கழற்றி மாட்டக் கூடாது. வெள்ளிப் பொருளும் வேண்டாம். சின்னதாக இருந்தாலும் விலை மதித்துத் திருப்பிச் செய்யத் தோன்றும்.

கிளிப், ஹேர்பேண்ட் வாங்கிக்கொண்டு போகிறவர்களும் உண்டு. பிள்ளைக்கு மொட்டை போட்டிருக்கிறது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

என் கருத்தில் மிகப் பொருத்தமானது ஒரு பருத்தி கவுன். ஆனால் தலைவழியாக மாட்டுகிற மாதிரி வேண்டாம். குத்தின காதில் துணி உரசி, தோட்டில் மாட்டி இழுத்தால் பிள்ளை வீரிட்டு அழும். முன்பக்கம் மேலிருந்து கீழ் வரை பட்டன் வைத்த கவுனாகப் பாருங்கள். கையை நுழைத்து முன்னால் மூடிவிடலாம். மூன்று வயதுப் பிள்ளைக்கு நான்கு வயது அளவு எடுத்தால் கொஞ்ச காலம் போடுவாள். கழுத்தைச் சுற்றி லேஸ், ஜரிகை எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதுவும் காதில் சிக்கும். கூடவே மெல்லிய பருத்தித் தொப்பி ஒன்று, மொட்டைத் தலைக்கு வெயிலில் உதவும். தொப்பி காதை மூடாமல் மேலே நிற்கிற மாதிரி இருக்கட்டும். இரண்டும் சேர்த்துச் சில நூறு ரூபாய்தான் ஆகும். ஆனால் அந்த முன்பக்கப் பட்டனைப் பார்த்ததும் பிள்ளையின் அம்மாவுக்கு, நீங்கள் யோசித்து வாங்கினீர்கள் என்பது புரிந்துவிடும்.

வீட்டுக்குப் போவது

இதை அலுவலகத்தில் வைத்துக் கொடுக்காதீர்கள். கவரையும் துணிப் பையையும் அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தால் அவர் மட்டும்தான் சமாதானமாவார். அம்மாவும் மனைவியும் அப்படியேதான் இருப்பார்கள்.

அவர்கள் சென்னை திரும்பிய வாரமே போக முயலுங்கள். “ஞாயித்துக்கிழமை சாயந்திரம் வரட்டுமாண்ணே, அண்ணிகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க” என்று கேளுங்கள். விசேஷ அலுப்பில் வீடு போட்டது போட்டபடி கிடக்கும் நேரம் அது. வீட்டுப் பெண்களைக் கேட்காமல் போய் நிற்கக் கூடாது. சாப்பாட்டு நேரமும் வேண்டாம், உங்களுக்காகத் தனியாகச் சமைக்க வைத்ததாகிவிடும். ஐந்து மணிக்கு மேல் போனால் காபியோடு நிற்கும். குடும்பத்தோடு வரச் சொல்லி அழைத்தவர் என்பதால் மனைவி, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். போகும் வழியில் கொஞ்சம் பழம், இரண்டு முழம் மல்லிகைப்பூ.

உள்ளே போனதும் பூவும் பழமும் அண்ணி கையில். அடுத்து அம்மாவிடம் போங்கள். அவர்கள் ஊரிலேயே இருந்துவிட்டால், அவரையே போன் போட்டுத் தரச் சொல்லிப் பேசுங்கள். “அம்மா, விசேஷத்துக்கு வரேன்னு சொல்லி உங்களக் காக்க வச்சுட்டேன். மன்னிச்சிருங்கம்மா.” பெரியவர்கள் மகனைப்போல மழுப்ப மாட்டார்கள். “ஆமாய்யா, வண்டி உனக்காண்டி அம்புட்டு நேரம் நின்னுச்சு. வரலைன்னா வரலைன்னு சொல்லக்கூடாதா?” என்று நேராகக் கேட்டுவிடுவார்கள். தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். இடையில் அண்ணன், “சரி விடும்மா” என்று உங்களுக்காகப் பேச வந்தால்கூட, “இல்லண்ணே, அம்மா கேக்குறது சரிதான்” என்று சொல்லிவிடுங்கள். அந்த அம்மா கேட்டு முடித்துவிட்டால், அந்த வீட்டில் மனத்தாங்கலில் பாதி தீர்ந்தது.

கவரை வலது கையால் அண்ணனிடமோ அம்மாவிடமோ கொடுத்து, “நோட்டுல சேத்து எழுதிக்கங்கண்ணே” என்று ஒரே வரி. “எதுக்குப்பா இதெல்லாம்” என்பார். “பாப்பா காதுகுத்துக்கு என் பேர் அதுல இருக்கணும்ணே” என்று சொன்னால் மறுக்க மாட்டார். துணியைப் பிள்ளை கையிலேயே கொடுங்கள்.

அப்புறம் விசேஷப் படங்களைக் காட்டச் சொல்லுங்கள். நான் சொன்ன எல்லாவற்றிலும் இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். ஆல்பம் வர நாளாகும், ஆனால் போனில் நூறு படமாவது வைத்திருப்பார். விரலால் வேகமாகத் தள்ளிக்கொண்டே போவார், உங்களுக்கு அலுக்குமோ என்று. நிறுத்திக் கேளுங்கள். “இதுல மடியில வச்சிருக்கது தாய்மாமனாண்ணே? சீர்த்தட்டு எத்தனை வந்துச்சு? ஆசாரி குத்துறப்ப ரொம்ப அழுதாளா?” இப்படி இரண்டு கேள்வி போதும், மச்சான் மேளதாளத்தோடு சீர் கொண்டுவந்தது முதல், கடைசிப் பந்தியில் குழம்பு தீர்ந்து திண்டாடியது வரை அவராகவே சொல்ல ஆரம்பித்துவிடுவார். அண்ணி நடுவில் புகுந்து திருத்துவார். நேரில் வந்தவர்களிடம் இதையெல்லாம் சொல்ல வேண்டியிருக்காது, அவர்கள் பார்த்துவிட்டார்கள். வராத உங்களிடம்தான் முழுக்கதையையும் சொல்ல முடியும். அதை அவசரப்படாமல் கேட்பது, நீங்கள் கொண்டுபோன துணியைவிடப் பெரிய மரியாதை. இந்த நேரத்தில் போனை எடுத்துப் பார்க்காதீர்கள்.

கொடுக்கிற காபி, பலகாரத்தை மறுக்காமல் சாப்பிடுங்கள். விசேஷத்தில் கை நனைக்காதவர் வீட்டுக்கு வந்தும் ஒன்றும் சாப்பிடாமல் போனால் அது அம்மாவுக்குப் பொறுக்காது. முக்கால் மணி நேரம், மிஞ்சினால் ஒரு மணி நேரம், கிளம்பிவிடலாம்.

அவர் குடும்பம் ஊரிலேயே இருந்தால்

சென்னையில் அறை எடுத்துத் தனியாகத் தங்கி, மாதம் ஒருமுறை ஊருக்குப் போகிறவர்கள் பலர். அப்போது வீட்டுக்குப் போக வழியில்லை. அவர் அடுத்து ஊருக்குக் கிளம்பும் நாளை முன்பே கேட்டுவைத்து, அன்று கிளாம்பாக்கத்துக்கோ எழும்பூருக்கோ அவர் புறப்படும் முன் கவரையும் துணியையும் கையில் சேருங்கள். மறுநாள் அவர் வீட்டில் இருக்கும்போது வீடியோ அழைப்பில் அம்மாவிடமும் அண்ணியிடமும் பேசுங்கள். மேலே சொன்ன அதே வார்த்தைகள்தான். பை மிகப் பெரிதாக இல்லாமல் பாருங்கள், ராத்திரி முழுக்க அதைச் சுமப்பது அவர்தான்.

எது எடுபடாது

“ஒருநாள் டீமுக்கு நான் பிரியாணி வாங்கித் தரேன்ணே” என்று சிலர் ஈடுகட்டப் பார்ப்பார்கள். டீமுக்கு விருந்து வைப்பதற்கும் அவர் மகளின் காதுகுத்துக்கும் சம்பந்தமில்லை. அவருடைய வேலையில் கொஞ்சத்தை நீங்கள் எடுத்துச் செய்வதும் இப்படித்தான். விடுப்பு முடிந்து வருகிறவருக்குச் சேர்ந்துகிடக்கும் வேலையில் கைகொடுப்பது நல்ல காரியம், செய்யுங்கள். ஆனால் ‘அதுக்குப் பதில் இது’ என்று வாயால் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் இரண்டுமே வியாபாரமாகிவிடும்.

வேறு விசேஷமாக இருந்தால் முறை கொஞ்சம் மாறும். கல்யாணம் என்றால் நீங்கள் போவதோடு, புதுமணத் தம்பதியை உங்கள் வீட்டுக்கு ஒருநாள் விருந்துக்கு அழைப்பது மொய்யைவிட நன்றாக இருக்கும். புதுமனை புகுவிழா என்றால் வீட்டை முழுக்கச் சுற்றிக் காட்டச் சொல்லிப் பாருங்கள். துக்க வீட்டுக்குப் போகாமல் விட்டிருந்தால் இந்த வழிகாட்டி பொருந்தாது. அங்கே பரிசு, பழம் எதுவும் கிடையாது. காரியத்துக்கு முன்பாகவாவது நேரில் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வர வேண்டும்.

அடுத்த பத்திரிகை வரும்போது

இந்த மன்னிப்பு நிஜமா என்று அவருக்குத் தெரியப்போவது அவர் வீட்டு அடுத்த விசேஷத்தில்தான். அது தம்பி கல்யாணமாக இருக்கலாம், கோயில் கும்பாபிஷேகமாக இருக்கலாம். பத்திரிகை நீட்டும்போதே தேதியைப் பார்த்து, முடியும் என்றால் மட்டும் வருகிறேன் என்று சொல்லுங்கள். சந்தேகமாக இருந்தால், “அண்ணே, இப்ப உறுதியாச் சொல்ல முடியல, புதன்கிழமைக்குள்ள சொல்லிடுறேன். வேன்ல என் பேரச் சேக்காதீங்க, வந்தா நானே பஸ் புடிச்சு வந்துடுறேன்” என்று சொல்லிவிடலாம். இப்படிச் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. புதன்கிழமை அவர் கேட்கும் முன் நீங்களே சொல்லிவிடுங்கள்.